லேப் கோலி ஓ.டி. நோட்ஸ்: "அன்ஈவன்ட்ஃபுல்"னு முடிக்காம எழுதுறது எப்படி

பித்தப்பையை லேப்ராஸ்கோப்பில எடுத்த பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினா இந்த வரி திரும்பத் திரும்ப வரும்: "காலட்ஸ் ட்ரையாங்கிள் டிசெக்ட் பண்ணி, சிஸ்டிக் டக்ட், சிஸ்டிக் ஆர்ட்டரி க்ளிப் போட்டு கட் பண்ணியாச்சு. அன்ஈவன்ட்ஃபுல்." உள்ள என்ன பாத்தாங்க, எதை வச்சு அதுதான் சிஸ்டிக் டக்ட்னு முடிவு பண்ணாங்க, பித்தம் கொட்டுச்சா இல்லையா, ஒண்ணுமே தெரியாது.

எங்க யூனிட்டுக்கு ஒருத்தர் லிவருக்குப் பின்னாடி சீழ்க்கட்டியோட வந்தாரு, ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஊர்ல லேப் கோலி ஆனவர். டிஸ்சார்ஜ் சம்மரில அதே "அன்ஈவன்ட்ஃபுல்", அதனால நாங்க டிபியா அமீபாவானு தேடிக்கிட்டே இருந்தோம், கடைசில சீழை வடிக்கும்போது கூடவே பித்தக்கல்லு வந்துச்சு. ஆபரேஷன்ல கல்லு சிதறினா அது மாசக்கணக்கு, சில சமயம் வருஷக்கணக்கு கழிச்சு இப்படிக் கட்டியாகும். "கல்லு கொட்டுச்சு, எல்லாம் கிடைக்கல"னு நாலு வார்த்தை இருந்திருந்தா முதல் நாளே யோசிச்சிருப்போம்.

சரி, ஒரு மாதிரி கேஸை வச்சே போவோம். 46 வயசு அம்மா, நாலு நாளா வலது மேல் வயித்து வலி, காய்ச்சல். ஸ்கேன்ல பித்தப்பைச் சுவர் 6 மிமீ, கழுத்துல ஒரு கல்லு மாட்டியிருக்கு, பொதுப் பித்தநாளம் 5 மிமீ, பிலிருபின் நார்மல். அக்யூட் கோலிசிஸ்டைட்டிஸ், அதே அட்மிஷன்ல லேப் கோலி.

ஸ்டெப் 1: எப்போ எழுதணும்

பேஷன்ட் ரெக்கவரிக்குப் போறதுக்குள்ள, ஓ.டி.லயே உக்காந்து. அடுத்த கேஸ் முடிச்சுட்டு எழுதலாம்னு விட்டா ரெண்டு கேஸும் மண்டைக்குள்ள கலந்துரும். பேர், ஐபி நம்பர், தேதி, ஆரம்பிச்ச முடிச்ச நேரம், எமர்ஜென்சியா எலெக்டிவா, சர்ஜன், அசிஸ்டன்ட், அனஸ்தீசியா, ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்குப் போச்சு, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், தாண்டிப் போறேன்.

டெம்ப்ளேட் பத்தி மட்டும் ஒண்ணு சொல்லிடுறேன். ஏற்கனவே வாக்கியம் நிரப்பி வச்ச டெம்ப்ளேட் எனக்கு சுத்தமாப் பிடிக்காது. ட்ரெயின் வைக்காத கேஸ்ல "ட்ரெயின் வைக்கப்பட்டது"னு பிரிண்ட் ஆகி வர்றது இதனாலதான். தலைப்பு மட்டும் இருந்து பக்கத்துல வெறும் இடம் விட்ட ஃபார்ம்தான் பெஸ்ட், அதுல கைல எழுதினாலும் சரி டைப் அடிச்சாலும் சரி.

ஸ்டெப் 2: ஃபைண்டிங்ஸ்

செஞ்சதை எழுதுறதுக்கு முன்னாடி பாத்ததை எழுதுங்க. "டிஃபிகல்ட் ஜிபி", "டென்ஸ் அட்ஹீஷன்ஸ்" மாதிரி வார்த்தை ஆளுக்கு ஆள் மாறும், எனக்கு டிஃபிகல்ட்னா எங்க சீஃபுக்கு அது பத்து நிமிஷ வேலை. அதனால எது எதோட ஒட்டியிருந்துச்சு, எப்படிப் பிரிஞ்சுச்சுனு எழுதுங்க. நம்ம கேஸ்ல இப்படி:

"பித்தப்பை நல்லா வீங்கி, சுவர் தடிச்சு, சிவந்து இருந்தது. ஓமென்டம் ஃபண்டஸ்லயும் பாடிலயும் ஒட்டியிருந்தது, சக்ஷன் முனையாலேயே பிரிஞ்சது. டியோடினம் ஒட்டல. கழுத்துல சுமார் 1.5 செமீ கல்லு மாட்டியிருந்தது. பிடிக்க முடியாததால ஊசி போட்டு உறிஞ்சினோம், 40 மிலி சீழ் கலந்த பித்தம் வந்தது, கல்ச்சருக்கு அனுப்பியாச்சு. அழுகல் இல்ல, ஏற்கனவே ஓட்டை விழுந்திருக்கல. லிவர் நார்மல்."

"இல்ல"னு எழுதின விஷயங்களைக் கவனிங்க. டியோடினம் ஒட்டலனு எழுதி வச்சா, நாளைக்கு வயித்து வலினு வரும்போது டியோடினத்துல அடிபட்டிருக்குமோங்கிற சந்தேகம் பாதி குறையும். ஏற்கனவே ஓட்டை இல்லங்கிறது ஏன் முக்கியம்னு ஸ்டெப் 4ல வரும்.

ஸ்டெப் 3: எதை வச்சு வெட்டினீங்க

எனக்கு ரொம்ப நாள் குழப்பமா இருந்த இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். "கிரிட்டிகல் வியூ கிடைச்சது"னு எழுதினா போதும்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா அது முடிவு மட்டும்தான், எப்படி அந்த முடிவுக்கு வந்தீங்கனு அதுல இல்ல. ஸ்ட்ராஸ்பெர்க் 1995ல சொன்ன கிரிட்டிகல் வியூவுக்கு மூணு கண்டிஷன். காலட்ஸ் முக்கோணத்துல இருக்கிற கொழுப்பும் நாரும் சுத்தமா எடுக்கணும். பித்தப்பையோட கீழ் மூணுல ஒரு பங்கு லிவர் படுக்கைல இருந்து பிரிஞ்சிருக்கணும். ரெண்டே ரெண்டு குழாய் மட்டும் பித்தப்பைக்குள்ள போறது தெரியணும். பொதுப் பித்தநாளத்தைத் தோண்டிப் பாக்கணும்னு இதுல எங்கயும் இல்ல.

நிறைய பேர் விட்டுட்டுப் போறது ரெண்டாவதைத்தான். ரெண்டு குழாய் தெரிஞ்சதும் க்ளிப் கேட்டுடுவாங்க, லிவர் படுக்கை திறந்தே இருக்காது. வீக்கம் இருக்கிற கேஸ்ல பொதுப் பித்தநாளமே மேல இழுபட்டு வந்து சிஸ்டிக் டக்ட் மாதிரி நிக்கும், கீழ் பகுதியைப் பிரிச்சாத்தான் அந்த ஏமாத்து வெளிய வரும். அதனால மூணையும் தனித்தனியா எழுதுங்க. எழுத உக்காரும்போது ரெண்டாவது வரிக்குக் கை நின்னுச்சுனா அது உங்களுக்கே ஒரு தகவல், அடுத்த கேஸ்ல க்ளிப் கேக்கறதுக்கு முன்னாடி ஞாபகம் வரும்.

"முக்கோணம் முன்பக்கமும் பின்பக்கமும் சுத்தம் செய்யப்பட்டது. பித்தப்பையின் கீழ் மூணுல ஒரு பங்கு லிவர்ல இருந்து பிரிக்கப்பட்டது, இடைவெளி வழியா லிவர் தெரிஞ்சது. ரெண்டு குழாய் மட்டுமே பித்தப்பைக்குள் போனது. சர்ஜனும் அசிஸ்டன்டும் பாத்து உறுதி செய்த பிறகு க்ளிப். முன், பின் ரெண்டு பக்க போட்டோ சேமிக்கப்பட்டது. சிஸ்டிக் டக்ட்: டைட்டேனியம் க்ளிப், உடல் பக்கம் 2, பித்தப்பை பக்கம் 1, க்ளிப் முனை டக்டைத் தாண்டித் தெரிஞ்சது. ஆர்ட்டரி: அதே மாதிரி 2, 1."

போட்டோ ஒரு பக்கம் மட்டும் எடுத்தா பிரயோஜனம் கம்மி, முன்பக்கத்துல இருந்து ஒண்ணு, பித்தப்பையைத் திருப்பிப் பின்பக்கத்துல இருந்து ஒண்ணு, க்ளிப் போடறதுக்கு முன்னாடியே எடுக்கணும். முழு வீடியோ வச்சுக்கிறதை விட எனக்கு இந்த ரெண்டு போட்டோ மேல நம்பிக்கை அதிகம், வீடியோவை யாரும் உக்காந்து தேட மாட்டாங்க.

ஸ்டெப் 4: காம்ப்ளிகேஷன்ஸ்

"பித்தப்பை பெர்ஃபரேட்டட்"னு மொட்டையா எழுதாதீங்க. நோயால முன்னாடியே ஓட்டை விழுந்ததா, நாம பிடிச்சு இழுக்கும்போது கிழிஞ்சதா? ரெண்டும் வேற வேற கதை. டோக்கியோ கைட்லைன்ஸ் 2018 படி மைல்ட், மாடரேட் கோலிசிஸ்டைட்டிஸ்ல பித்தப்பையை எடுத்தப்புறம் 24 மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக்கை நிறுத்திடலாம், ஆனா உள்ள அழுகலோ ஓட்டையோ பாத்திருந்தா 4ல இருந்து 7 நாள் போகணும். நீங்க மொட்டையா எழுதினா வார்டுல இருக்கிறவங்க எதைப் பின்பற்றுவாங்க?

"ஃபண்டஸ் பக்கம் லிவர்ல இருந்து பிரிக்கும்போது கிராஸ்பர் பிடிச்ச இடத்துல 1 செமீ கிழிசல். சுமார் 20 மிலி பித்தமும் சின்ன கருப்புக் கல்லுகளும் லிவருக்குக் கீழ கொட்டின. 7 கல்லு எடுக்கப்பட்டது. 1 லிட்டர் சலைன்ல கழுவி உறிஞ்சியாச்சு. கண்ணுக்குத் தெரிஞ்ச கல்லு பாக்கி இல்ல, ஆனா எல்லாம் கிடைச்சதுனு உறுதி சொல்ல முடியாது. பித்தப்பை எண்டோபேக்ல போட்டு எபிகாஸ்ட்ரிக் போர்ட் வழியா எடுக்கப்பட்டது. ரத்த இழப்பு சுமார் 50 மிலி. லிவர் படுக்கைல கசிவு இல்ல, க்ளிப் திரும்பப் பாத்தாச்சு, பித்தம் இல்ல."

எந்த போர்ட், பேக் இருந்துச்சாங்கிறது சும்மா இல்ல. பயாப்சில எதிர்பாராம கேன்சர்னு வந்தா பித்தம் கொட்டுச்சா, பேக் போட்டாங்களாங்கிறதைத்தான் முதல்ல கேப்பாங்க.

"உறுதி சொல்ல முடியாது"னு எழுதினா கோர்ட்டுக்குப் போகும்னு ஒரு பயம் இருக்கு. எனக்கு அப்படித் தோணல. அதை எழுதி, பேஷன்ட் கிட்டயும் சொல்லி, சொன்னேன்னும் எழுதி வைக்கிறதுதான் பாதுகாப்பு, மறைச்சது அப்புறம் சிடி ஸ்கேன்ல தெரியும்போதுதான் வம்பு.

ஸ்டெப் 5: போஸ்ட் ஆப் ஆர்டர்ஸ்

இதைப் படிக்கப் போறது நைட் ட்யூட்டி சிஸ்டரும், கேஸையே பாக்காத ட்யூட்டி டாக்டரும். "ரொட்டீன் கேர்"னு எழுதினா அவங்களுக்கு எதுவும் எழுதலனு அர்த்தம். இந்தப் போஸ்ட்ல நான் முதல்ல எழுதினது "வாட்ச் ஃபார் பைல் லீக்". அதுக்குக் கீழ ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கமென்ட் போட்டாங்க: "என்ன பாக்கணும், எவ்ளோ வந்தா கூப்பிடணும்னு எழுதுங்க டாக்டர், நைட்டு ரெண்டு மணிக்கு உங்களை எழுப்புறதா வேணாமானு நாங்கதான் முழிக்கிறோம்." அவங்க சொன்னதுக்கு அப்புறம் இப்படி மாத்தினேன்:

"பல்ஸ், பிபி, டெம்ப் முதல் 4 மணி நேரம் மணிக்கு ஒரு தடவை, அப்புறம் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 4 மணி நேரம் கழிச்சு வாந்தி இல்லனா தண்ணி, ராத்திரி இட்லி. பாராசிட்டமால் 1 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆன்டிபயாடிக் நாளைக் காலைல ரிவ்யூ பண்ணி நிறுத்தணும், கல்ச்சர் பாக்கணும். லிவருக்குக் கீழ ஒரு ட்யூப் ட்ரெயின்: லேசா ரத்தம் கலந்த தண்ணி வரலாம். பச்சை, மஞ்சள் எவ்ளோ வந்தாலும், சுத்த ரத்தம் மணிக்கு 100 மிலிக்கு மேல வந்தாலும் உடனே போன். பித்தம் இல்லனா நாளைக்கு எடுத்துடலாம்."

"பல்ஸ் 100க்கு மேல நிலையா இருந்தா, மருந்துக்கும் அடங்காத வயித்து வலி, வயிறு உப்பல், 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், மஞ்சக் கண்ணு, இதுல எது இருந்தாலும் கூப்பிடணும். தோள்பட்டை வலி மட்டும்னா ஆபரேஷனுக்கு வயித்துல ஊதின கேஸால இருக்கலாம், பல்ஸ் பாத்துட்டு சொல்லுங்க."

மேல இருக்கிற எண்கள் இந்த கேஸுக்கு நாங்க வச்சது, உங்க யூனிட் ப்ரோட்டோகால் வேறயா இருந்தா அதை எழுதுங்க, ஆனா எண்ணா எழுதுங்க. ட்ரெயின் காலியா இருக்குனு நிம்மதியா இருக்காதீங்கனும் சொல்லி வைங்க, ட்யூப் அடைச்சாலும் காலியாத்தான் இருக்கும். கடைசில பயாப்சி ரிப்போர்ட்டை யார் எந்தத் தேதில பாக்கணும்னு ஒரு வரி. டிஸ்சார்ஜ் சம்மரில கல்லு கொட்டின விஷயம் கண்டிப்பா ஏறணும், ஓ.டி. நோட்ஸ் ரெக்கார்ட் ரூமோட போயிடும், பேஷன்ட் கைல இருக்கப் போறது சம்மரிதான்.

அப்டேட்: "கிரிட்டிகல் வியூ கிடைக்கவே இல்லனா என்ன எழுதறது?"னு ஒரு பிஜி தம்பி கேட்டிருந்தார். கிடைக்கலனே எழுதுங்க, ஏன்னும் எழுதுங்க: "40 நிமிஷம் முயற்சி செய்தும் முக்கோணம் உறைஞ்சே இருந்தது, குழாய்களைப் பிரிச்சுப் பாக்க முடியல, யூனிட் சீஃபைக் கூப்பிட்டு சப்டோட்டல் செய்ய முடிவு." சப்டோட்டல்னா எவ்ளோ பித்தப்பை மிச்சம், உள்ள இருந்த கல்லு எல்லாம் எடுத்தாச்சா, மிச்சத்தைத் திறந்தே விட்டீங்களா தைச்சு மூடினீங்களா, சிஸ்டிக் டக்ட் வாயை உள்ள இருந்து தைச்சீங்களா, நாலும் வேணும். திறந்து விட்டா அடுத்த சில நாள் பித்தக் கசிவுக்கு சான்ஸ் அதிகம், அதனால ட்ரெயினை மறுநாளே எடுக்கச் சொல்லாதீங்க. தைச்சு மூடினா குட்டிப் பித்தப்பை ஒண்ணு மிச்சம் இருக்கும், அதுல திரும்பக் கல்லு வரலாம், "பித்தப்பை எடுத்தாச்சு"னு மட்டும் சம்மரில போட்டா அப்புறம் ஸ்கேன் பாக்குற ரேடியாலஜிஸ்ட் அது என்னனு தெரியாம சுத்துவாரு.