பக்கத்து வீட்டுக்குச் சாப்பாடு: கெடாமல் கொண்டு போக, சுவை மாறாமல் சூடாக்க

பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கும், அல்லது ஒரு சாவு நடந்திருக்கும். இரண்டு வீட்டிலும் அடுப்படியில் நிற்க யாருக்கும் தெம்பு இருக்காது. நாம் சமைத்துக் கொண்டு போவதை அவர்கள் உடனே சாப்பிடவும் மாட்டார்கள். ஒரு மணிக்குக் கொடுத்த சாப்பாட்டை நாலு மணிக்குத் திறப்பார்கள், சில நாள் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். இதை யோசிக்காமல் ஒருமுறை நான் செய்த தவறிலிருந்துதான் இந்தப் பதிவு.

துக்கம் நடந்த ஒரு வீட்டுக்கு, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஒரு ஆழமான பாத்திரம் நிறையப் பருப்புக் குழம்பு கொண்டு போனேன். சூடு போகக் கூடாதென்று மூடியை இறுக்கி, துண்டும் சுற்றியிருந்தேன். அன்று அவர்கள் அதைத் தொடவில்லை. மறுநாள் காலை திறந்தபோது மேலே நுரை கட்டி, புளித்த வாடை அடித்திருக்கிறது. அவர்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பல நாள் கழித்து அந்த வீட்டுப் பெண் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் கெட்டுப்போன பாத்திரத்தைக் கழுவும் வேலையையும் அவர்கள் தலையில் வைத்துவிட்டேனே என்று இன்றும் வருத்தம் உண்டு.

அதன்பின் சமையலைவிட ஆற வைப்பதில்தான் அதிகக் கவனம் வைக்கிறேன். கீழே சொல்வது நாலு பேர் ஒருவேளை சாப்பிடும் அளவு: பருப்பும் காயும் சேர்ந்த குழம்பு, தனியாகச் சோறு.

தேவையானவை

பாசிப்பருப்பு ஒரு கப், அரிசி இரண்டு கப், தக்காளி மூன்று, கேரட் இரண்டு, ஒரு கைப்பிடி பீன்ஸ், ஒரு துண்டு பூசணி. இஞ்சி, சீரகம், மஞ்சள்தூள், எண்ணெய், உப்பு. காரம் மிகக் குறைவாகப் போதும். அழுது களைத்தவர்களுக்கும், தூக்கமில்லாத தாய்க்கும், அந்த வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கும் எல்லாருக்கும் இது இறங்க வேண்டும்.

படி 1: சமைப்பது

பருப்பை லேசாக வறுத்து, கழுவி, நாலு கப் தண்ணீரும் மஞ்சள்தூளும் சேர்த்துக் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். தக்காளியைப் பருப்போடு போடாதீர்கள், புளிப்பு சேர்ந்தால் பருப்பு சீக்கிரம் குழையாது. வேறு பாத்திரத்தில் எண்ணெயில் சீரகம், இஞ்சி தாளித்துத் தக்காளியைக் கரைய வதக்கி, காய்களும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து மூடி வேக விடுங்கள். காய் முக்கால் பதம் வெந்ததும் பருப்பை ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்கிவிடலாம். முழுக்க வேகவிட்டால் மறுபடி சூடாக்கும்போது காய் கரைந்து களியாகிவிடும். உப்பும் ஒரு சிட்டிகை குறைவாகவே போடுங்கள், மறுசூட்டில் தண்ணீர் வற்றினால் உப்பு தூக்கும்.

சோறு வழக்கம்போல, ஆனால் குழையாமல் உதிரியாக.

தேங்காய்ப்பால், தயிர், க்ரீம் எதுவும் இதில் வேண்டாம் என்பது என் முடிவு. ஊற்றினால் சுவை கூடும்தான். ஆனால் சீக்கிரம் கெடும், சூடாக்கும்போது திரியவும் செய்யும். மேலே தூவும் பச்சைத் தழைகளும் அப்படித்தான், மறுநாள் கறுத்துக் கிடக்கும். பொரித்தது எதுவும் கொண்டு போகாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் அதன் ஆவியிலேயே அது நமுத்துவிடும்.

படி 2: ஆற வைப்பது

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சமைக்கும்போது பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் சில வகைக் கிருமிகள் வித்து மாதிரியான ஓடு கட்டிக்கொண்டு கொதிநீரிலும் பிழைத்துக் கிடக்கும். சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் அப்படி ஒன்று. பெரிய பாத்திரத்துக் குழம்பிலும் கறியிலும் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் இன்னொன்று. உணவின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் இவை விழித்துப் பெருக ஆரம்பிக்கும். 5 டிகிரிக்குக் கீழே போனால்தான் பெரும்பாலும் அடங்கும். அதனால் இந்த இரண்டுக்கும் நடுவே உணவு கிடக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் நம் வேலை. பெரிய சமையற்கூடங்களில் பின்பற்றும் கணக்கு இது: முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சூடு 21 டிகிரிக்கு இறங்க வேண்டும், அடுத்த நாலு மணி நேரத்துக்குள் 5 டிகிரியைத் தொட வேண்டும்.

என் பாத்திரம் ஏன் தோற்றது? கெட்டியான குழம்பில் சூடு நடுவிலிருந்து மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். ஆழம் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் ஏறக்குறைய நாலு மடங்காகும். ஆழமான பாத்திரத்தை மூடித் துண்டும் சுற்றினால், கிருமிகளுக்குப் பிடித்த வெதுவெதுப்பை இரவு முழுக்க நாமே காத்துக் கொடுத்த மாதிரி.

இப்போது நான் செய்வது: குழம்பை இரண்டு அகலத் தட்டுகளில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றுகிறேன். தட்டின் பாதி உயரம் மூழ்குகிற அளவு குளிர்ந்த தண்ணீரில் அதை வைத்து, அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுகிறேன். தண்ணீர் வெதுவெதுப்பானால் மாற்ற வேண்டும், பனிக்கட்டி இருந்தால் இன்னும் நல்லது. தட்டின் அடியைத் தொட்டால் சூடே தெரியாத நிலை வந்ததும் டப்பாவில் மாற்றி குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். முழுக்கச் சில்லென்று ஆகும்வரை வெளியே காத்திருக்கத் தேவையில்லை.

சோற்றையும் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். குழம்பைவிட இதில்தான் நான் கண்டிப்பு. பேசிலஸ் சீரியஸ் சோற்றில் விடும் நஞ்சு, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. கெட்டதைக் கொதிக்கவைத்துச் சரிசெய்யலாம் என்ற நினைப்பு இங்கே பலிக்காது. வாடையும் வராமல் இருக்கலாம், அதனால் முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

படி 3: டப்பா

குழந்தை பிறந்த வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். தாய்க்கு நள்ளிரவில் பசிக்கும், ஒரு கையில் குழந்தை இருக்கும். அதனால் ஒரு ஆளுக்கு ஒரு டப்பா என்று பிரித்துக் கொடுக்கிறேன். ஒரு கையால் திறக்க வரும் மூடியாகப் பார்த்து எடுங்கள். துக்க வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே குழம்பு இரண்டு அகல டப்பாவில், சோறு இரண்டு அகல டப்பாவில் என்று கொடுத்தால் ஒன்றைச் சூடாக்கி இன்னொன்றை வைத்துக்கொள்வார்கள்.

எனக்குப் பிடித்தது தட்டையான, அகலமான எவர்சில்வர் டப்பா. உடையாது, சீக்கிரம் ஆறும். ஆனால் மைக்ரோவேவில் வைக்க முடியாது. மைக்ரோவேவ் உள்ள வீடு என்றால் கண்ணாடி டப்பா. குளிர்ந்திருக்கும் அந்தக் கண்ணாடியை நேரே அடுப்பில் வைத்தால் வெடிக்கும் என்று சொல்லியே கொடுங்கள். திருப்பித் தர வேண்டியதில்லை என்ற டப்பாக்களில் மட்டும்தான் கொண்டு போவேன். யார் பாத்திரம் யாருடையது என்று பிரிக்கும் வேலை அவர்களுக்கு வேண்டாம்.

மைக்ரோவேவ் இருக்கிறதா, எதையாவது சாப்பிடக் கூடாதா என்ற கேள்விகளைத் துக்க வீட்டுக்காரரிடம் கேட்காமல், அங்கே வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: கொண்டு போவது

முந்தின நாள் மாலை சமைத்து, இரவெல்லாம் குளிரவைத்து, மறுநாள் காலை சில்லென்றே கொடுப்பதுதான் என் வழக்கம். பக்கத்து வீடு என்றால் அப்படியே கையில் எடுத்துப் போகலாம். அரை மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் பையில் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை டப்பாக்களோடு ஒட்டி வையுங்கள். கொடுக்கும்போது "சில்லுனு இருக்கு, உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் கேட்டுக்கொண்டு நீங்களே வைத்துவிட்டு வாருங்கள்.

போனதும் சாப்பிடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஹாட்பாக்ஸ். கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் குழம்பை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சூடு நிற்காது.

படி 5: சீட்டு

ஒட்டும் காகிதத்தில் எழுதி மூடியில் ஒட்டுகிறேன். போன வாரம் எழுதியது:

"பருப்புக் குழம்பு. செவ்வாய் மாலை செய்தது. வெள்ளி மாலைக்குள் சாப்பிடவும். பாத்திரத்தில் முதலில் அரை கப் தண்ணீர் ஊற்றி, பிறகு இதைப் போட்டு, மூடி, மிதமான தீயில் கொதிக்கவிடவும். டப்பா திருப்பித் தர வேண்டாம்."

"சோறு. புதன் மாலைக்குள் சாப்பிடவும். ஒரு கப் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிச் சூடாக்கவும். ஒருமுறைக்கு மேல் சூடாக்க வேண்டாம்."

தண்ணீர் தெளிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிரில் சோற்றின் மாவுச்சத்து இறுகி, பருக்கை விறைத்துவிடும். ஆவி பட்டால்தான் பழைய பதம் திரும்பும். மைக்ரோவேவில் என்றால் இரண்டு நிமிடம் கழித்துக் கட்டியை உடைத்துக் கிளறி, இன்னும் ஒரு நிமிடம். நடுவிலிருந்தும் ஆவி வர வேண்டும். அடுப்பில் என்றால் ஆவியில் அஞ்சு நிமிடம் வைத்தாலே போதும்.

பின்னர் சேர்த்தது: குழம்பு அடிபிடிக்கிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். முதலில் நான் "தண்ணீர் சேர்த்துச் சூடாக்கவும்" என்று மட்டும்தான் சீட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். பருப்பு ஆறினால் அல்வா மாதிரி இறுகும். அதைப் போட்டபின் மேலே ஊற்றும் தண்ணீர் அடிக்கு இறங்கும் முன்னே அடி கருகிவிடுகிறது. அதனால்தான் தண்ணீரை முதலில் ஊற்றச் சொல்லி மாற்றினேன். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி, ஓரத்தில் மட்டுமில்லாமல் நடுவிலும் குமிழி வந்தபின் ஒரு நிமிடம் விடுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் 74 டிகிரி காட்ட வேண்டும்.

இன்னொரு கேள்வி: உறையவைத்துக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக. குழந்தை பிறந்த வீட்டுக்கு முதல் வாரம் பலரும் சாப்பாடு கொண்டு வருவார்கள், மூன்றாவது வாரம் யாரும் வர மாட்டார்கள். உறைந்த டப்பாக்கள் அப்போதுதான் கைகொடுக்கும். ஆறவைத்த பிறகு, மேலே ஒரு விரல் இடம் விட்டு நிரப்புங்கள், உறையும்போது குழம்பு உப்பும். உருளைக்கிழங்கு மட்டும் போடாதீர்கள், உறைந்து இளகினால் அது நொறுநொறுவென்று நீர்விட்டுப் போகும். பூசணியும் கொஞ்சம் கரையும், ஆனால் பருப்போடு கலந்துவிடுவதால் தெரியாது. இளகவைப்பதை முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டிக்குள் மாற்றிச் செய்யச் சொல்லுங்கள், சமையல் மேடையில் வேண்டாம்.