வழிகாட்டியாக இருக்கக் கேட்டு எழுதும்போது நேரும் தவறுகள்

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் வழிகாட்டுதல் கேட்டு எழுதுபவர்கள், அவருடைய நேரத்தை வீணாக்கிவிடக் கூடாது என்றே பெரும்பாலும் கவலைப்படுகிறார்கள். இத்தகைய மடல்கள் சிலவற்றைப் பெற்றவன் என்ற முறையில் சொல்வதானால், நேரம் அவ்வளவு பெரிய சுமையல்ல. எவ்வளவு காலத்துக்கு, எதற்காக, எந்த அளவில் உதவ வேண்டும் என்பது தெரியாமல் ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதும், மறுத்தால் எழுதியவர் மனம் புண்படுமே என்ற தயக்கமும்தான் சுமையாகின்றன.

வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் பணியாற்றும் ஒருவர், தயாரிப்புத் திட்டமிடல் பிரிவில் உள்ள மூத்தவருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக அந்த மடல் இப்படி அமையும்: “உங்கள் அனுபவமும் ஆளுமையும் என்னை மிகவும் கவர்ந்தவை. நீங்கள் எனக்கு மென்டாராக இருந்து என் வளர்ச்சிக்கு உதவ வேண்டும். உங்களுக்கு வசதியான நேரத்தில் பேசலாம். என் தன்விவரத்தை இணைத்துள்ளேன்.”

பணிவில் குறையில்லாத இந்த மடலில் வேலை முழுவதும் பெறுபவர் தலையில் விழுகிறது. ‘வளர்ச்சி’ என்றால் என்ன என்பதை அவரே ஊகிக்க வேண்டும். தன்விவரத்தைப் படித்துக் குறையை அவரே கண்டுபிடிக்க வேண்டும். நாட்காட்டியைத் திறந்து நேரத்தையும் அவரே தேட வேண்டும். ‘உங்களுக்கு வசதியான நேரத்தில்’ என்பது மரியாதையாகத் தோன்றினாலும், நேரம் குறிக்கும் வேலையை அவரிடம் தள்ளிவிடுகிறது. முதல் வரியில் உள்ள பாராட்டு யாருக்கும் பொருந்தும் என்பதால், இதே மடல் இன்னும் நான்கு பேருக்குப் போயிருக்குமோ என்ற ஐயமும் எழலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முதல் மடலிலேயே ‘மென்டார்’ என்ற சொல்லை எழுதுவது. அது ஓர் உறவுக்கான வேண்டுகோள்; ஒருமுறைகூடப் பேசிப் பார்க்காதவரிடம் அதற்குச் சம்மதம் கேட்டால், விருப்பமுள்ளவரும் பதிலைத் தள்ளிப்போடுவார். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, ஒரே ஒரு முடிவைப் பற்றி ஒரே ஒரு உரையாடலை மட்டும் கேட்டால் அதே மடல் இப்படி மாறும்:

“வணக்கம் மேடம். வந்த புகார்களை வகைப்படுத்தி, அவற்றுள் மூன்றை மட்டும் திருத்தத்துக்கு எடுத்துக்கொண்டதாகச் சென்ற மாதக் கூட்டத்தில் சொன்னீர்கள். நான் புகார்ப் பிரிவிலிருந்து திட்டமிடலுக்கு மாற எண்ணுகிறேன். முதலில் தரவுப் பகுப்பாய்வு படிப்பதா, இப்போதுள்ள அணியிலேயே ஒரு சிறு திட்டத்தை ஏற்று நடத்துவதா என்பதுதான் என் கேள்வி. இரண்டாவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் பற்றி 20 நிமிடம் பேச இயலுமா? செவ்வாய் மாலை 4 மணி, வியாழன் காலை 11 மணி, இரண்டில் எது என்றாலும் நான் வருகிறேன். நேரம் அமையாவிட்டால் இரண்டு வரியில் எழுதினாலும் போதும். இப்போது இயலாது என்றாலும் புரிந்துகொள்வேன்.”

இதில் ‘இரண்டாவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது’ என்ற பகுதிதான் முக்கியம் என்பேன். முடிவைத் தாமே எடுக்க முயன்ற ஒருவரின் கருத்தைச் சரிபார்ப்பது எளிது. வெறும் கேள்விக்கு அடியிலிருந்து விடை யோசிப்பது கடினம். கடைசி வரி மறுப்பதற்கான வழியைத் திறந்து வைக்கிறது. ஆனால் ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ என்று மூன்று இடங்களில் எழுதினால், ஆறுதல் சொல்லும் பொறுப்பும் அவரையே சேரும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதிலும் ஒரு தவறு நேர்கிறது. உங்கள் பணித்திறனை மதிப்பிடும் பொறுப்பில் உள்ளவரால் சுதந்திரமாக மறுக்கவும் முடியாது. உங்கள் தயக்கங்களைக் கேட்டுவிட்டு மதிப்பீட்டின்போது அவற்றை மறந்துவிடவும் முடியாது. வேறு அணியைச் சேர்ந்தவரே ஏற்றவர். அவருக்கு எழுதும் மடலில் உங்கள் மேலாளரை நகலில் சேர்த்தால், மறுப்பு இருவர் முன்னிலையில் நிகழ வேண்டியதாகிவிடும்.

பதில் வராவிட்டால், இரண்டு வாரம் கழித்து அதே மடல் தொடரில் ஒரு வரி எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அதையே பதிலாகக் கொண்டு விட்டுவிடுவது நல்லது. நடைவழியில் பார்க்கும்போது ‘மடல் பார்த்தீர்களா’ என்று கேட்பது, எழுத்தில் கொடுத்த சுதந்திரத்தை நேரில் பறிப்பதாகும்.

பேச்சு நடந்துவிட்டால், சொன்னதில் எதைச் செய்தீர்கள், என்ன விளைந்தது என்று சில வாரங்களில் நான்கு வரி எழுதுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. அதனால் இரண்டாவது உரையாடலுக்குக் காரணமே இல்லாமல் போகிறது. இப்படி இரண்டு மூன்று முறை பேசிய பிறகு, “ஆறு மாதத்துக்கு, மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பேச முடியுமா? கேள்விகளை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுகிறேன், ஆறு மாதம் முடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்” என்று கேட்டால், எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். அப்போதும் அவர் இயலாது என்றால், நன்றி சொல்லி ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். ‘அப்படியானால் வேறு யாரையாவது சொல்லுங்கள்’ என்று அந்தப் பதிலிலேயே அடுத்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள்.