ரீசெட் செய்த போனிலிருந்து வாட்ஸ்அப் படங்களை மீட்பது எப்படி?

அத்தைக்கு பேட்டர்ன் மறந்துபோய்விட்டது. கடைக்காரர் போனை ரீசெட் செய்து கையில் கொடுத்துவிட்டார். பேரனின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் குடும்பக் குரூப்பில் வந்தவை. சாட் பேக்கப்பும் கிடையாது. "போச்சுப்பா" என்றார். போகவில்லை. அவருக்கே தெரியாமல் கூகுள் போட்டோஸ் அவற்றை மேலே ஏற்றி வைத்திருந்தது.

வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் ஆண்ட்ராய்டில் WhatsApp Images என்ற ஃபோல்டரில் சேர்கின்றன. அந்த ஃபோல்டரையும் பேக்கப் செய்யட்டுமா என்று கூகுள் போட்டோஸ் எப்போதாவது கேட்கும். நாம் படிக்காமல் சரி என்று தட்டியிருப்போம். 2020 ஜூனுக்கு முன்பு அப்படிக் கேட்காமலே ஏற்றிய போன்களும் உண்டு. கொரோனா காலத்தில்தான் வாட்ஸ்அப் போன்ற ஆப்களின் ஃபோல்டர்களுக்கு அதை நிறுத்தினார்கள்.

முதலில் சரியான ஜிமெயிலைக் கண்டுபிடியுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ரீசெட் ஆன போன், பழைய கணக்கில் நுழையச் சொல்லிக் கேட்டதல்லவா? அந்தக் கணக்குதான். அத்தைக்கு மகன் போட்டுக்கொடுத்த கணக்கு ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு, வேறொன்றில் அரைமணி நேரம் தேடிக்கொண்டிருந்தோம்.

அடுத்து, ஏதாவது ஒரு பிரவுசரில் photos.google.com திறந்து அந்தக் கணக்கில் நுழையுங்கள். தேதிவாரியாகக் கீழே போங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது அது எடுக்கப்பட்ட தேதி அழிந்துவிடும். அதனால் விழா நடந்த நாளில் தேடினால் கிடைக்காது. படம் போனுக்கு வந்த நாளில் தேட வேண்டும். காதுகுத்து மே மாதம், மாமா படங்களை அனுப்பியது ஜூன் மாதம். ஜூனில்தான் இருந்தன.

அது வாட்ஸ்அப் வழியாக வந்த படம்தானா என்று சந்தேகம் வந்தால், படத்தின் விவரத்தைத் திறந்து பெயரைப் பாருங்கள். இப்படி இருக்கும்:

```
IMG-20240609-WA0012.jpg
```

நடுவில் இருப்பது தேதி, WA என்பது வாட்ஸ்அப்.

வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுத்து Download கொடுங்கள். நிறைய எடுத்தால் ஒரே ஜிப் கோப்பாக இறங்கும். காணவில்லையென்றால் Trash பகுதியையும் பாருங்கள். பேக்கப் ஆன படம் அழித்தபின் 60 நாள் அங்கே கிடக்கும். இப்படிக் கிடைப்பது படம் மட்டுமே. சாட்டுக்குள் அது திரும்பி வந்து உட்காராது.

அப்புறம், இந்தப் பேக்கப் வேண்டுமா என்பதையும் முடிவு செய்யுங்கள். தினமும் வரும் குட்மார்னிங் படங்களும் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியைத்தான் தின்கின்றன. கூகுள் போட்டோஸ் ஆப்பின் அமைப்புகளில் Backup, அதற்குள் Back up device folders போய் WhatsApp Images-ஐ அணைக்கலாம். ஏற்கெனவே ஏறியவை அப்படியே இருக்கும். அத்தை அணைக்க விடவில்லை.