"கிரிஞ்ச்" என்று கமெண்ட் வந்தால் வீடியோவைத் தூக்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி தான் எடுத்த நகைச்சுவை வீடியோவை அனுப்பி, "அண்ணா, எல்லாரும் கிரிஞ்ச்னு போடுறாங்க, தூக்கிடவா?" என்று கேட்டான். பார்த்தேன். நன்றாகவே இருந்தது. நான் பதில் எழுதுவதற்குள் தூக்கியும் விட்டான். மறுநாள் அதையே திருத்திப் போட்டிருந்தான். இந்த முறை அதில் ஒன்றுமே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வரிசையில் இதே காரியங்களைச் செய்தவன் என்பதால் எழுதுகிறேன். லைட்டிங் சரியில்லை, மைக் இரைச்சல் போன்ற சங்கதிகளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## அந்தச் சொல்லை ஒரே அர்த்தத்தில் படிப்பது

கிரிஞ்ச் என்பது ஆங்கிலத்தில் முதலில் உடம்பைப் பற்றிய வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் போரில் அடிபட்டு விழுவதைக் குறித்த வேரிலிருந்து வந்து, பிறகு உடம்பைச் சுருக்கிக்கொள்வது, பெரிய மனிதர் முன் பணிந்து ஒடுங்குவது என்று ஆனது. நம் 'கூனிக் குறுகுதல்' கிட்டத்தட்ட அதேதான். குறுகுகிறவர் பார்ப்பவர். திரையில் ஒருவர் அசடு வழிய, சோபாவில் கிடக்கும் நான் கால்விரலை மடக்கிக்கொள்கிறேன்.

தமிழுக்கு வரும்போது சொல் கை மாறிவிட்டது. "கிரிஞ்ச் பண்ணாதடா" என்கிறோம். இங்கே அதைச் செய்கிறவன் திரையில் இருப்பவன். பார்ப்பவர் வெறும் நீதிபதி. "கிரிஞ்சா இருக்கு" என்றாலோ யாருடைய கூச்சம் என்றே தெரியாது. அதனால்தான் கமெண்டில் அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடிவதில்லை. கூடவே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "1:12-ல நிறுத்திட்டு தண்ணி குடிச்சுட்டு வந்தேன்", "தலையணையில மூஞ்சிய வெச்சுக்கிட்டேன்" என்று எழுதியவர் தன் உடம்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பாராட்டு. "இவனுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா" என்று எழுதியவர் உங்கள் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லை. தூரத்தில் நின்று எடை போடுகிறார். வெறும் "கிரிஞ்ச்" மட்டும் இருந்தால் YouTube Studio-வில் பார்வையாளர் எங்கே விலகுகிறார் என்ற கோட்டைத் திறந்து பாருங்கள். உச்சமான அசட்டுத்தனம் வரும் இடத்தில் கோடு விழுந்து விழுந்தபடியே கிடந்தால் சலிப்பு. அந்த இடத்தில் மேடு தெரிந்தால், ஆட்கள் பின்னால் இழுத்து இன்னொரு தடவை பார்த்திருக்கிறார்கள்.

பிறருக்காக வெட்கப்படுவது ஒன்றும் புது வியாதி இல்லை. "பிறர்பழியும் தம்பழியும் நாணுவார்" என்று திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்திலேயே இருக்கிறது. ஜெர்மானியர்கள் அதற்கென்றே ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், ஃப்ரெம்ட்ஷாம். அதன் வினைவடிவம் 2010-இல் ஆஸ்திரியாவில் ஆண்டின் சொல்லாகவே தேர்வானது. அப்படிச் சொந்தச் சொல் இருந்தும் 2021-இல் ஜெர்மனி இளைஞர்களின் ஆண்டுச் சொல்லாக வந்தது 'கிரிஞ்ச்'தான். என் கணக்கில் காரணம் இது: பழைய சொல் உணர்ச்சிக்குப் பெயர், இது கமெண்டில் போடுகிற கூவல். கல்யாண மண்டபத்தில் மாமா மைக்கைப் பிடித்துப் பாடும்போது பக்கத்துச் சீட்டுக்காரரை முழங்கையால் இடிப்போம் இல்லையா, அந்த இடிதான் அது. போனில் தனியாகப் பார்க்கிறவருக்குப் பக்கத்துச் சீட்டு கமெண்ட் பெட்டிதான். 1:12 என்று ஒருவர் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் "நானும் அதே இடம்" என்று எழுதும்போது வேதனை வேடிக்கையாகிவிடுகிறது. கிரிஞ்ச் தனி நகைச்சுவை வகையாக நின்றது அப்படித்தான்.

## பாத்திரத்துக்குத் தெரிய வைப்பது

இன்றைக்கும் என்னை எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

நான் எடுத்தது ஒரு பணி ஓய்வு விழா. வங்கிக் கிளை ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்த கடைநிலை ஊழியருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். மேலாளர் தான் எழுதிய கவிதையை வாசிக்கிறார். முதல் இரண்டு வரி அந்த ஊழியரைப் பற்றி. மூன்றாவது வரியில் மேலாளர் உள்ளே வருகிறார், அப்புறம் வெளியே போவதே இல்லை. "நீ கொண்டுவந்த தேநீரில் நான் கண்டேன் என் உயரத்தை" என்று ஒரு வரி. ஓய்வு பெறுகிறவர் பொன்னாடையோடு நிற்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் பாதி கடித்த சமோசாவை மெல்லவும் முடியாமல் தட்டில் வைக்கவும் முடியாமல் பிடித்திருக்கிறார். கவிதை முடிந்ததும் நான்கு விநாடி மௌனம். ஒருவர் கை தட்ட ஆரம்பித்து, யாரும் சேராததால் கையைத் துடைப்பதுபோல் பாவனை செய்கிறார். மேலாளர், "இன்னொன்றும் இருக்கு" என்று மடித்த தாளைப் பிரிக்கிறார். அவ்வளவுதான்.

ராத்திரி போட்டேன். காலையில் "கிரிஞ்ச்", "செம கிரிஞ்ச்", "தாங்கல". கீழே "எங்க பிராஞ்ச்லயும் இதே நடந்துச்சு" என்று எழுதியவர்களையெல்லாம் நான் படிக்கவே இல்லை. எனக்கு ஒரே பயம், மேலாளராக நடித்தது நான். ஊர் என்னையே அப்படி நினைத்துவிடுமோ என்று மானம் துடித்தது. தூக்கினேன். கடைசியில் நான் கேமராவைப் பார்த்து லேசாகச் சிரிப்பதுபோல் ஒரு ஷாட் எடுத்துச் சேர்த்தேன். மௌனத்தில் ஒரு வயலின் இழுப்பு. மேலே "கிரிஞ்ச் அலர்ட்" என்று எழுத்து. இது நடிப்புத்தான், எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் முறை நாலு "ஹாஹா" வந்தது. நண்பரை டேக் செய்தவர் ஒருவர்கூட இல்லை.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. 2011-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் சிலர், பிறருக்காக வெட்கப்படும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பிறர் வலியைப் பார்த்து நாம் துடிக்கும்போது வேலை செய்யும் பகுதிகளே அப்போதும் வேலை செய்தன. இன்னொன்றும் தெரிந்தது: அசடு வழிகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேன்ட் ஜிப் திறந்திருப்பது அவருக்கே தெரியாவிட்டாலும் நமக்குக் கூசுகிறது. அவருக்குத் தெரிந்தால் அவர் முகம் சிவக்கும், நாம் அவரோடு சேர்ந்து சங்கடப்படுவோம், பாரம் பாதியாகும். தெரியவில்லை என்றால் முழுப் பாரமும் பார்ப்பவர் தலையில். இந்த வகை நகைச்சுவைக்கு அந்த முழுப் பாரம்தான் மூலதனம். நான் கேமராவைப் பார்த்துச் சிரித்த விநாடியில் பாரத்தை நானே வாங்கி இறக்கி வைத்துவிட்டேன். பார்ப்பவருக்குக் கூச எதுவும் மிச்சமில்லை.

"தி ஆஃபீஸ்" நகைச்சுவைத் தொடரில் பாத்திரங்கள் கேமராவைப் பார்க்கிறார்களே என்று கேட்பீர்கள். எல்லாப் புதுசுகளும் அதைத்தான் சொல்கிறார்கள். 2001-இல் பிபிசியில் வந்த மூலத் தொடரையே எடுத்துப் பாருங்கள். பதிவு செய்த சிரிப்பொலி கிடையாது. பக்கத்தில் மாட்டிக்கொண்ட ஊழியர் கேமராவைப் பார்ப்பார், "பார்த்தீங்களா என் நிலைமையை" என்று. அலுவலக மேலாளரும் பார்ப்பார், ஆனால் அந்தப் பார்வை வேறு: "நான் எப்படி?" என்று கைதட்டலை எதிர்பார்க்கும் பார்வை. 2002-இல் வந்த இரண்டாம் பருவத்தில் அவர் அலுவலகத்தின் நடுவே ஆடுகிற காட்சி ஒன்று உண்டு. வாயாலேயே இசை போட்டுக்கொண்டு ஆடுவார். முடிந்தபின் அவர் முகத்தில் வெட்கம் துளியும் இருக்காது. சுற்றி நிற்பவர்கள் முகத்தில்தான் எல்லாம் இருக்கும். நடிகருக்குத் தெரிய வேண்டும், பாத்திரத்துக்குத் தெரியக் கூடாது. நம் ஆட்கள் கேமராப் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு, யாருடைய பார்வை என்பதை விட்டுவிடுகிறார்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பாத்திரம் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் மனைவியிடம் இந்த நிகழ்ச்சியை எப்படிச் சொல்லும்? "இன்னைக்கு என் கவிதையைக் கேட்டு எல்லாரும் அப்படியே அசந்து போய்ட்டாங்க, கை தட்டக்கூட மறந்துட்டாங்க" என்று சொல்லுமானால் சரி. "இன்னைக்கு மானம் போச்சுடி" என்று சொல்லுமானால் அது வேறு வகைக் கதை, அதை வேறு மாதிரி எடுக்க வேண்டும்.

## உள்ளே ஒரு சாட்சி இல்லாதது

அசடு வழிகிறவரை மட்டும் காட்டினால் பார்ப்பவருக்கு ஒண்டிக்கொள்ள இடமில்லை. ஓடிவிட முடியாத ஒருவர் அதே அறையில் வேண்டும். என் வீடியோவில் அது சமோசாப் பெண். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கெட்டிருக்கும்.

## நிஜ ஆட்களின் வீடியோவை எடுத்து ஒட்டுவது

செய்யாதீர்கள். 2002-இல் கனடாவில் பள்ளி மாணவன் ஒருவன் கோல்ஃப் பந்து பொறுக்கும் கோலை ஸ்டார் வார்ஸ் படத்து ஒளிவாள்போல் சுழற்றித் தனக்குத்தானே படம் எடுத்துக்கொண்டான். மறு வருஷம் கூடப் படித்தவர்கள் அதை இணையத்தில் விட்டார்கள். உலகமே சிரித்தது. அவன் பள்ளியை விட்டே போனான், விஷயம் வழக்கு வரை போய் 2006-இல் சமரசத்தில் முடிந்தது. மேலாளர் பாத்திரத்தைப் பார்த்துக் கூசியவர்கள் "எங்க பிராஞ்ச்லயும்" என்று தங்களை உள்ளே கொண்டுவந்தார்கள். நிஜ ஆளின் வீடியோவுக்குக் கீழே அப்படி எழுதுகிறவர் அபூர்வம். "இவனுக்கெல்லாம்" ரகம்தான் வரும்.

## பின்னணி இசை

வேண்டாம். நடுங்கும் ஜூமும் வேண்டாம்.

## மௌனத்தை வெட்டுவது

எடிட் செய்யும்போது நான்கு விநாடி நாற்பதுபோல் தெரியும், கை தானாக வெட்டப் போகும். ஒன்றரை விநாடியாகக் குறைத்தால் அது மேலாளர் மூச்சு வாங்குவதுபோலத்தான் இருக்கும். ஏழெட்டுக்குப் போனால் போன் தொங்கிவிட்டது என்று நினைத்து ஆள் தள்ளிவிடுவார். நடுவில் சின்னச் சத்தம் ஒன்று வேண்டும். மின்விசிறி, தட்டு, யாரோ ஒருவரின் இருமல்.

## கமெண்டுக்குப் பதில் எழுதுவது

"இது வேண்டும் என்றே எடுத்தது ப்ரோ" என்று எழுதுகிறவர்கள், வீடியோவுக்கு வெளியே போய்க் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அந்தத் தம்பியிடம் பழைய பதிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். போன் நிறைந்துவிட்டது என்று அழித்துவிட்டானாம்.