நாலு பட்டன் டிஜிட்டல் வாட்ச்: அலாரம், டைமர், ஸ்டாப்வாட்ச் மூன்றையும் வேலைக்குக் கொண்டுவருவது எப்படி?

விலை குறைந்த டிஜிட்டல் வாட்ச் வாங்குகிறவர்களில் பலர் மணி பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். MODE பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டால், மணி திரும்பித் தெரியும்வரை அதையே அழுத்திக்கொண்டிருப்பார்கள். அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் மூன்று வசதிகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வாட்ச் தேர்வு பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1989-லிருந்து வந்துகொண்டிருக்கும் கேசியோ F-91W நல்ல வாட்ச்தான். ஆனால் அதில் ஒரே ஒரு அலாரம்தான், டைமர் கிடையாது, ஸ்டாப்வாட்ச்சும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். படிப்புக்கும் வேலைக்கும் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து AE-1200WH மாதிரி ஒன்றை வாங்குங்கள். ஐந்து அலாரம், 24 மணி நேரம்வரை ஓடும் டைமர், ஸ்டாப்வாட்ச் எல்லாம் இருக்கும். கீழே சொல்லும் பட்டன்கள் அந்த மாடலுக்கானவை: இடது மேலே ADJUST, இடது கீழே MODE, வலது மேலே LIGHT, வலது கீழே SEARCH. வேறு நாலு பட்டன் வாட்ச் வைத்திருந்தாலும் பெரும்பாலும் இதே வழிதான், பட்டன் பெயர் மட்டும் மாறலாம்.

முதலில் மணியைச் சரிசெய்யுங்கள்

சாதாரணமாக மணி தெரியும் திரையில் ADJUST-ஐ அழுத்திப் பிடித்தால் எண்கள் மின்னத் தொடங்கும். MODE அழுத்தி வினாடிக்குப் போய், சரியான மணி 00 வினாடியைத் தொடும்போது SEARCH-ஐத் தட்டுங்கள். வினாடி 30-க்கு மேல் இருக்கும்போது தட்டினால் நிமிடமும் ஒன்று கூடிவிடும், அதைக் கவனியுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் போனைப் பார்த்து வைக்காமல், ஆபீஸ் வாசலில் விரல் வைக்கும் வருகைப்பதிவு மெஷினைப் பார்த்து வையுங்கள். சம்பளம் பிடிப்பது அந்த மெஷின் காட்டும் மணியை வைத்துத்தான். இந்த வகை வாட்ச் மாதத்துக்கு 30 வினாடிவரை முன்னே பின்னே போகலாம். அதனால் மாதம் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

அலாரம்: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

MODE அழுத்தி அலாரம் திரைக்கு வாருங்கள். SEARCH தட்டத் தட்ட AL1, AL2 என்று AL5 வரை போய், கடைசியில் SIG வரும். வேண்டிய அலாரத்தில் நின்று ADJUST-ஐ அழுத்திப் பிடியுங்கள். மணி மின்னும். SEARCH கூட்டும், LIGHT குறைக்கும், MODE நிமிடத்துக்குக் கொண்டுபோகும். முடிந்ததும் ADJUST-ஐ ஒரே ஒரு தடவை தட்டி வெளியே வாருங்கள்.

அந்த ஒரு தடவையில்தான் சிக்கல். நேரம் வைத்ததுமே அலாரம் தானாக ஆன் ஆகிவிடும். ஆனால் பலர் 'சேவ் ஆச்சா இல்லையா' என்ற சந்தேகத்தில் ADJUST-ஐ இன்னொரு தரம் தட்டுவார்கள். எண் மின்னாத நேரத்தில் அந்தப் பட்டனுக்கு வேறு வேலை: ஆன் இருப்பதை ஆஃப் ஆக்கும். நேரம் திரையில் 5:30 என்று அப்படியே இருக்கும், காலையில் மட்டும் சத்தம் வராது. அதனால் வெளியே வந்ததும் பட்டனைத் தொடாமல், அந்த அலாரத்துக்குப் பக்கத்தில் ON என்று இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள்.

அடுத்தது AM, PM குழப்பம். 12 மணிக் கணக்கில் இருந்தால் ஓரத்தில் கடுகு அளவில் ஒரு P தெரியும். காலை 5:30 என்று நினைத்து மாலை 5:30 வைத்துவிடுவது இதனால்தான். எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும்போது 12-ஐத் தொட்டால் P வரும் அல்லது போகும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் வாட்ச்சை 24 மணிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். F-91W-வில் வலது பட்டனை ஒரு தட்டுத் தட்டினாலே மாறிவிடும். மற்றவற்றில் மணி சரிசெய்யும் வரிசையிலேயே அந்தத் தேர்வு வரும். இரண்டு நாள் 17:30 என்று படிக்கக் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

சத்தம் சுமார் 10 வினாடிதான், அதுவும் மெல்லிய 'பீப்'. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாலே கேட்காது. ஐந்து அலாரம் இருப்பதன் உண்மையான பயன் இங்கேதான். தவறவிடக்கூடாத வேலைக்கு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அலாரம் வையுங்கள். காலை 8:00 ஷிப்ட், வீட்டிலிருந்து 40 நிமிடப் பயணம் என்றால் 8:00-க்கு வைத்துப் பயனில்லை. கிளம்ப வேண்டிய 7:15-க்கு ஒன்று, 7:16-க்கு ஒன்று. எழுந்திருப்பதற்கு ஒன்று; உங்கள் மாடலில் ஸ்னூஸ் உள்ள அலாரம் இருந்தால் அதையே வையுங்கள், அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கும். மீதி இரண்டு மாத்திரைக்கோ டியூஷனுக்கோ. ஞாயிற்றுக்கிழமையும் இவை அடிக்கும், கிழமை பார்த்து அடிக்கும் புத்தி இந்த வாட்ச்சுகளுக்குக் கிடையாது.

SIG என்பது மணிக்கு ஒருமுறை அடிக்கும் 'பீப்'. வகுப்பிலும் மீட்டிங்கிலும் மானத்தை வாங்குவது இதுதான். அலாரத்தை எல்லாம் ஆஃப் செய்தும் சத்தம் வருகிறது என்றால் இதைப் பாருங்கள்.

ஸ்டாப்வாட்ச் அளக்கும், டைமர் அந்த அளவைப் பிடித்துக்கொள்ளும்

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் பலருக்கு இரண்டும் பயன்படுவதில்லை. வீட்டில் தண்ணீர் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். டேங்க் நிரம்பி வழிவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மாடியில் டேங்குக்குள் தண்ணீர் விழும் குழாய் வாயில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். கீழே இருக்கும் குழாயில் அளந்தால் கணக்குத் தப்பும், மாடிக்கு ஏறும்போது வேகம் குறைந்துவிடும். மோட்டார் போட்டதும் முதலில் காற்றும் தண்ணீருமாகத் துப்பும். ஒரே சீராக விழ ஆரம்பித்த பிறகு பக்கெட்டை நீட்டி, அதே நொடியில் ஸ்டாப்வாட்ச் திரையில் SEARCH-ஐத் தட்டுங்கள். நிரம்பியதும் மறுபடி SEARCH.

48 வினாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 25 லிட்டர். 1000 லிட்டர் டேங்க் காலியாக இருந்தால் 40 நிமிடம், பாதி இருந்தால் 20 நிமிடம். இனி மோட்டார் போடும்போதே டைமரையும் தட்டிவிடலாம். பாதி டேங்குக்கு 20 என்று வைக்காமல் 18 வையுங்கள், சுவிட்ச்சுவரை நடந்துபோக நேரம் வேண்டும். வோல்டேஜ் குறைந்தாலும், கோடையில் கிணறோ போரோ இறங்கினாலும் இந்த அளவு மாறும். அப்போது பக்கெட்டை மறுபடி எடுங்கள்.

ஸ்டாப்வாட்ச்சில் ஒரே ஒரு பொறி. ஓடிக்கொண்டிருக்கும்போது ADJUST-ஐத் தட்டினால் திரை உறைந்து நிற்கும். நின்றுவிட்டது என்று தோன்றும், ஆனால் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதன் பெயர் ஸ்ப்ளிட். மறுபடி ADJUST தட்டினால் ஓடிய நேரத்துக்குத் தாவிவிடும். தையல் யூனிட்டில் ஒரு ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க இது தோதானது. ஒரு பீஸை மட்டும் அளந்தால் பட்டன் அழுத்தும் தாமதமே கணக்கைக் கெடுக்கும். பத்துப் பீஸ் தைத்து மொத்த நேரத்தைப் பத்தால் வகுங்கள். 6 நிமிடம் 40 வினாடி என்றால் பீஸுக்கு 40 வினாடி. நடுவில் ஐந்தாவது பீஸில் ஸ்ப்ளிட் பார்த்தால், பின்பாதியில் வேகம் குறைகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

குரூப் 4 மாதிரித் தேர்வுக்கு டைமர்

200 கேள்வி, 3 மணி நேரம். 180 நிமிடத்தை 200-ஆல் வகுத்தால் கேள்விக்கு 54 வினாடி. இந்த எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் தேர்வு எழுத முடியாது, ஒவ்வொரு கேள்விக்கும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கூறு போடுங்கள். திறனறிவுக் கணக்கு 25-க்கு 40 நிமிடம் ஒதுக்கினால், தமிழும் பொது அறிவும் சேர்ந்த மீதி 175 கேள்வியை 25, 25-ஆக ஏழு கூறாக்கலாம். கூறுக்கு 18 நிமிடம் என்றால் 126 நிமிடம். கணக்கையும் சேர்த்தால் 166. கையில் 14 நிமிடம் மிஞ்சும்.

டைமர் திரையில் ADJUST-ஐ அழுத்திப் பிடித்து 18 நிமிடம் வையுங்கள், ADJUST தட்டி வெளியே வாருங்கள், SEARCH தட்டினால் ஓடும். நேரம் முடிந்து சத்தம் நின்றதும் 18 நிமிடம் தானாகத் திரும்ப வந்து நிற்கும், ஒவ்வொரு கூறுக்கும் புதிதாக வைக்க வேண்டியதில்லை. சில மாடல்களில் ஆட்டோ ரிப்பீட் உண்டு. இந்த வேலைக்கு அதை ஆன் செய்துகொள்ளலாம், மோட்டாருக்கு வேண்டாம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மணி அடித்தும் 'இந்த ஒரு கேள்வி மட்டும்' என்று இழுத்துவிட்டு, அப்புறம் டைமரைத் தட்டினால் அந்தத் தாமதம் எங்கேயும் பதிவாகாது. ஏழு கூறிலும் இரண்டிரண்டு நிமிடம் போனால் மிச்சம் வைத்த 14 நிமிடமும் காலி. அதனால் தேர்வு தொடங்கும்போதே ஸ்டாப்வாட்ச்சையும் ஓடவிடுங்கள். MODE மாற்றினாலும் இரண்டும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு டைமர் மணிக்கும் ஸ்டாப்வாட்ச் 18, 36, 54 என்று காட்ட வேண்டும். மூன்றாவது மணியில் 54-க்குப் பதில் 59 என்று இருந்தால், ஐந்து நிமிடம் எந்தக் கூறில் போனது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பிற்சேர்க்கை

இதே வாட்ச்சைத் தேர்வு ஹாலுக்குள் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீட் தேர்வில் எந்த வாட்ச்சுக்கும் அனுமதி கிடையாது. மற்ற தேர்வுகளுக்கு ஹால் டிக்கெட்டில் உள்ள விதிமுறையைப் படியுங்கள். அனுமதி இருந்தாலும் உள்ளே போகுமுன் ஐந்து அலாரத்தையும் SIG-ஐயும் ஆஃப் செய்துவிடுங்கள்.

டைமர் வைக்கும்போது எண் மின்னுவது தானாக நின்றுவிடுகிறது என்று இன்னொரு கேள்வி. இரண்டு மூன்று நிமிடம் எதையும் தொடாமல் விட்டால் அப்படித்தான் ஆகும், பழுது இல்லை. ADJUST-ஐ மறுபடி அழுத்திப் பிடியுங்கள்.

பாத்திரம் கழுவும்போதோ குளிக்கும்போதோ நனைந்த வாட்ச்சில் பட்டனைத் தட்டாதீர்கள். பட்டன் உள்ளே போகும் வழியாகத்தான் தண்ணீரும் போகும். துடைத்துவிட்டு அழுத்துங்கள்.