புருவம் திருத்தும்போது செய்யும் தவறுகள்: முடி சாயும் திசையைப் பார்க்காமல் கை வைப்பது

"கீழ் ஓரத்தில் நாலே நாலு முடிதான் எடுத்தேன். நடுவில் எப்படி இடைவெளி விழுந்தது?" புருவத்தை வீட்டில் தானே திருத்திக்கொள்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில் முடியின் வேரிலும் நுனியிலும் இருக்கிறது. புருவ முடி முளைக்கும் இடம் ஒன்று, அது நிழல் தரும் இடம் இன்னொன்று. மெல்லியதாக்கினாலும் சரி, அடர்த்தியாகக் காட்டினாலும் சரி, பெரும்பாலான தவறுகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் வருகின்றன.

முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று ஒரு புருவத்தை நிதானமாகப் பாருங்கள். மூக்குப் பக்கம் இருக்கும் தொடக்கத்தில் முடிகள் ஏறக்குறைய நேராக மேல்நோக்கி நிற்கும். கொஞ்சம் தள்ளி வந்தால் அவை வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கும். நடுப்பகுதியில் இரண்டு கூட்டம் இருக்கும். கீழ் வரிசையில் முளைத்தவை மேலேயும் வெளியேயும் சாயும், மேல் வரிசையில் முளைத்தவை கீழேயும் வெளியேயும் சாயும். இரண்டும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தில்தான் புருவம் மிகக் கருமையாகத் தெரியும். வால் பகுதியில் எல்லாமே வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கும். இது பொதுவான அமைப்பு. சிலருக்குத் தொடக்க முடிகளே கீழ்நோக்கி விழும், சிலருக்கு நடுவில் ஒரு சிறு சுழி இருக்கும். அதனால் உங்கள் புருவத்தைத்தான் பார்க்க வேண்டும், படத்தில் இருக்கும் புருவத்தை அல்ல.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். கீழ் ஓரத்தில் வேர்விட்ட முடியின் நுனி புருவத்தின் நடுவில்தான் படுத்திருக்கிறது. அதைப் பிடுங்கினால் கீழ் ஓரம் கொஞ்சம் சுத்தமாகும், ஆனால் தோல் தெரிவது நடுவில். தலைகீழாகவும் நடக்கும். கீழே தொங்கி ஓரத்தைக் கலைக்கும் முடி பல நேரம் மேல் வரிசையில் முளைத்த நீளமான முடி. அதை வேரோடு எடுத்தால் மேல் கோட்டில் பள்ளம் விழும். அதற்குத் தேவை ட்வீசர் அல்ல, சின்னக் கத்தரிக்கோல். நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெட்டினால் போதும்.

எனவே எந்த முடியையும் எடுப்பதற்கு முன், ட்வீசர் முனையால் அதைத் தூக்கி, எங்கே முளைத்திருக்கிறது என்று பாருங்கள். வேர் புருவத்துக்கு வெளியே இருந்தால் எடுக்கலாம். வேர் உள்ளே இருந்து நுனி மட்டும் வெளியே நீண்டிருந்தால் வெட்டலாம். எடுக்கும்போது தோலை ஒரு விரலால் இறுக்கிப் பிடித்து, வேருக்கு அருகில் பற்றி, முடி சாயும் திசையிலேயே இழுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் முடி பாதியில் உடையலாம், அல்லது திரும்ப வளரும்போது தோலுக்குள்ளேயே சுருண்டு சின்னப் பருவாக வீங்கலாம்.

வெட்டுவதிலும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. புருவத்தை பிரஷ்ஷால் மேல்நோக்கிச் சீவி, மேல் கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் ஒரே நேர்கோட்டில் கத்தரிப்பது. சீவி நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும். அப்புறம் முடி தன் இயல்பான சாய்வுக்குத் திரும்பியதும், நடுவில் ஒன்றின் மேல் ஒன்று படிய நீளம் போதாமல் திட்டுத்திட்டாகத் தெரியும். சீவிப் பார்த்து எது நீளம் என்று கண்டுகொள்ளுங்கள். பிறகு முடியை அதன் இடத்துக்கே படியவிட்டு, அப்போதும் வெளியே நீட்டும் முடியை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டுங்கள்.

த்ரெடிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூல் முடிகளை வரிசையாகப் பிடிக்கும், பெரும்பாலும் சாய்வுக்கு எதிராக இழுக்கும். புருவத்துக்கு வெளியே, இமை மேலும் நெற்றியிலும் இருக்கும் பூனைமுடியை எடுக்க அது நல்ல வழி. ஆனால் ஓரத்தை ஒட்டி எந்த முடி இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேர்வு செய்ய நூல் தோதானது அல்ல. ஒவ்வொரு முறையும் கோடு கூர்மையாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால் கீழ் வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். ஓரத்தைத் தொட வேண்டாம், வெளியே இருப்பதை மட்டும் எடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எவ்வளவு தடிமன் பொருந்தும்?

வட்ட முகத்துக்கு இந்த வளைவு, சதுர முகத்துக்கு அந்த வளைவு என்று படம் போட்ட அட்டவணைகள் நிறைய உண்டு. அவற்றை வைத்து முடிவெடுப்பது தவறு என்பது என் கருத்து. தடிமனை முடிவு செய்ய, புருவத்துக்கும் இமைக்கும் நடுவில் உள்ள இடம்தான் நல்ல அளவுகோல். அந்த இடம் குறுகலாக இருப்பவர்கள் கீழ்ப்பக்கம் பென்சில் போட்டுத் தடிமனாக்கினால் கண் இன்னும் அமுங்கித் தெரியும். அவர்கள் மேல் கோட்டில்தான் சேர்க்க வேண்டும். அந்த இடம் அகலமாக இருப்பவர்கள் கீழ் ஓரத்தை எடுத்து மெல்லியதாக்கினால், கண்ணுக்கு மேலே வெறுமை கூடி எப்போதும் வியப்பில் இருப்பதுபோல் தோன்றும். அவர்களுக்குக் கீழ்ப்பக்கம் சேர்ப்பதே பொருந்தும்.

நீளத்துக்கு மூன்று குறிகள் உதவும். ஒரு பென்சிலை மூக்கின் வெளி ஓரத்தில் வைத்து நேராக மேலே நிறுத்தினால் அது தொடும் இடம் தொடக்கம். அங்கிருந்தே சாய்த்து, நேராகப் பார்க்கும் கண்ணின் கருவிழி வெளி ஓரம் வழியாகக் கொண்டுபோனால் வளைவின் உச்சி. கண்ணின் வெளி முனை வழியாகக் கொண்டுபோனால் வால் முடியும் இடம். மூக்கு அகலமானவர்களுக்கு முதல் குறி தவறான இடத்தைக் காட்டி, இரண்டு புருவங்களையும் தேவைக்கு மேல் விலக்கிவிடும். அவர்கள் கண்ணின் உள் முனையை அளவாக எடுத்துக்கொள்ளலாம். வாலின் நுனி, தொடக்கத்தின் கீழ் ஓரத்தைவிடத் தாழக் கூடாது. தாழ்ந்தால் முகம் சோர்ந்து தெரியும்.

இந்தக் குறிகளை நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ போடுங்கள். படுத்திருக்கும்போது தோல் நழுவி அளவு மாறும். கண்ணாடி முன் நின்றால் நாம் அறியாமலே புருவத்தைத் தூக்குகிறோம், அதுவும் பலர் ஒரு பக்கத்தை மட்டும் அதிகம் தூக்குவார்கள். கண்ணை மூடி, நெற்றியைத் தளரவிட்டு, மெதுவாகத் திறந்த பிறகு பாருங்கள். இரண்டு புருவமும் உயரம் வேறாக இருப்பது நெற்றித் தசையால் என்றால், உயர்ந்திருக்கும் பக்கத்தின் மேல் முடிகளை எடுத்துச் சமப்படுத்த முடியாது. தசை தளர்ந்ததும் அந்தப் பக்கம் தாழ்ந்து, மெலிந்து நிற்கும். உருப்பெருக்கும் கண்ணாடியில் முழு வேலையையும் செய்வதும் வேண்டாம். அதில் ஒரு முடி மரம்போல் தெரியும், முகம் தெரியாது.

பென்சிலால் அடர்த்தி சேர்க்கும்போது

தொடக்கத்திலிருந்து வால் வரை வெளிக்கோடு வரைந்து உள்ளே நிரப்புவதுதான் இங்கே முதல் தவறு. புருவத்துக்கு இயற்கையில் வெளிக்கோடு கிடையாது. இரண்டாவது தவறு, எல்லாக் கீற்றையும் ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் இழுப்பது. அடர்த்தி கூடும், ஆனால் சீப்பின் பற்களை ஒட்டி வைத்ததுபோல் இருக்கும். முன்பு பார்த்த அந்த இரண்டு கூட்டத்தையும் பென்சில் பின்பற்ற வேண்டும். தொடக்கத்தில் கீழிருந்து மேலாக, மிக லேசாக. நடுவில் கீழ் வரிசைக் கீற்று மேலும் வெளியும் போகட்டும், மேல் வரிசைக் கீற்று கீழும் வெளியும் வந்து அதோடு சேரட்டும். வாலில் வெளியே சரிந்து இறங்கட்டும். கையின் அழுத்தம் கீற்று தொடங்கும் இடத்தில் இருந்து, முடியும் இடத்தில் விட்டுப்போக வேண்டும். முடியும் அப்படித்தான், வேரில் தடித்து நுனியில் மெலியும். வேலையை நடுவில் தொடங்கி, வாலை முடித்து, பென்சிலில் மிச்சம் இருப்பதை வைத்துக் கடைசியாகத் தொடக்கத்தைத் தொடுங்கள்.

தோலில் நுண்ணிய கீறல்கள் போட்டு நிறம் ஏற்றி முடிபோல் காட்டும் மைக்ரோபிளேடிங் செய்துகொள்பவர்களுக்கு இதே விஷயம் இன்னும் முக்கியம். பென்சில் கீற்று சாய்வு மாறினால் துடைத்துவிடலாம். தோலுக்குள் போன நிறம் மங்க ஒரு வருடத்துக்கும் மேல் ஆகலாம். செய்பவர் உங்கள் முடிகளைச் சீவிப் பார்க்காமல், எல்லோருக்கும் போடும் ஒரே அச்சை வைத்துத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பசை அதிகமுள்ள தோலில் மெல்லிய கீற்றுகள் பரவி ஒன்றாகிவிடும் என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒருவரின் புருவத்தை எடுத்துப் பார்ப்போம். தொடக்கம் அடர்த்தி, வளைவுக்குக் கீழே இடைவெளி, வால் கண்ணின் வெளி முனைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. இப்படி இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, அடர்த்தியான தொடக்கத்தைப் பிடுங்கி மற்ற பகுதியோடு சமமாக்குவது. அப்போது புருவம் முழுவதும் மெலிந்து, இரண்டு புருவங்களுக்கும் நடுவில் அகலம் கூடிவிடும். செய்ய வேண்டியது வேறு. தொடக்கத்தில் ஒரு முடியையும் பிடுங்காமல், மிக நீளமானவற்றின் நுனியை மட்டும் வெட்டிக் கருமையைக் குறைக்கலாம். வளைவுக்குக் கீழே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எதையும் எடுக்காமல் விட வேண்டும். புருவ முடி தலைமுடிபோல் ஆண்டுக்கணக்கில் வளர்வதில்லை. சில வாரம் வளரும், பிறகு நீண்ட ஓய்வு. ஒரே நாளில் பிடுங்கியவைகூட வெவ்வேறு நேரத்தில்தான் திரும்பும். ஒரு மாதத்தில் நாலைந்து முடி மட்டும் ஒழுங்கில்லாமல் எட்டிப் பார்க்கும்போது, அசிங்கமாக இருக்கிறது என்று எடுத்துவிடுவதால்தான் பலருக்கு அந்த இடைவெளி மூடுவதே இல்லை.

அதுவரை இடைவெளியில் கீழிருந்து மேலும் வெளியுமாக ஐந்தாறு கீற்று, வாலில் சரிவாக மூன்று நான்கு கீற்று போதும். நான்கு மாதம் கழித்தும் ஓர் இடத்தில் எதுவும் முளைக்கவில்லை என்றால், பல ஆண்டுகள் பிடுங்கியதில் அந்த வேர்கள் ஓய்ந்திருக்கலாம். பிடுங்காமலே வால் பகுதி உதிர்ந்துகொண்டே போனால் அதற்குத் தைராய்டு குறைபாடு போன்ற காரணங்கள் இருக்கக்கூடும், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நிலையில் எந்தக் கீற்றும் வரைவதற்கு முன் ரத்தப் பரிசோதனைதான் முதலில்.