நரைக்கு எந்த டெவலப்பர்?

மார்த்தாண்டத்தில் என் பார்லருக்கு ஓர் அக்கா வந்தார். மகள் கல்யாணத்துக்காக வீட்டிலேயே, சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பரை 30 வால்யூம் வீரியத்தில் கலந்து பூசியிருந்தார். வேரோரம் கறுப்பு முடி செம்பட்டையாகிவிட்டது. காதோர நரையோ அரைகுறையாகத்தான் மூடியிருந்தது.

வீரியம் கூடினால் நரை நன்றாக மூடும் என்பது தப்புக் கணக்கு. 30 வால்யூம், அதாவது 9 சதவீதப் பெராக்சைடு, இயற்கை நிறத்தை இரண்டு மூன்று படி வெளுக்கத்தான். நரைக்கு 20 வால்யூம், 6 சதவீதம் போதும். முடியின் செதில் திறந்து, சாயம் உள்ளே ஊறிப் பிடிக்கும். பிடிவாதமான காதோரத்தில் முதலில் பூசுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் விடுங்கள். அவசரப்பட்டுக் கழுவினால் நரை எட்டிப்பார்க்கும். முன்பே சாயமிட்டு மங்கிய நுனிக்கு 10 வால்யூம் போதும். அது பெரிதாக வெளுக்காமல் நிறத்தைப் படியவைக்கும்.